கிரயப் பத்திரம் அரபியில்: ஆங்கிலம் வழியாகவா, தமிழிலிருந்து நேராகவா?

தமிழ்நாட்டு நிலத்தின் கிரயப் பத்திரத்தை அமீரக நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் வாரிசு வழக்கிலோ, மணமுறிவு வழக்கில் சொத்து விவரம் கேட்கும்போதோ வருகிறது. அங்கே அரபு மொழிபெயர்ப்பு வேண்டும். அதில் நீதி அமைச்சக உரிமம் பெற்ற சட்ட மொழிபெயர்ப்பாளரின் முத்திரையும் வேண்டும். கையில் இருப்பதோ, ஊரிலிருந்து வாட்ஸப்பில் வந்த பத்திரப் படங்கள். பத்திரத்துக்கான தூதரகச் சான்றொப்பம் தனி வேலை. மொழிபெயர்ப்பை மட்டும் இங்கே பார்ப்போம்.

வழிகள் இரண்டு. முதலாவது, ஊரில் தமிழிலிருந்து ஆங்கிலமாக்கி, அங்கே உரிமம் உள்ளவரிடம் ஆங்கிலத்திலிருந்து அரபியாக்குவது. இரண்டாவது, இரு மொழியும் தெரிந்த ஒருவரிடம், பெரும்பாலும் அரபிக் கல்லூரியில் படித்த ஓர் ஆலிமிடம், நேராக அரபியாக்குவது. முதல் வழியில் முத்திரை எளிதில் கிடைக்கும். இரண்டாவதில் பொருள் சிதையாது. ஆனால் அவரிடம் உரிமம் இல்லாவிட்டால் அந்தத் தாள் நீதிமன்றத்தில் செல்லாது. முத்திரையை விட்டுவிட முடியாது என்பதால் பலரும் யோசிக்காமல் முதல் வழியில் போகிறார்கள். அந்த வழி எங்கெங்கே வழுக்கும் என்பதை ஒரு மாதிரிப் பத்திரத்தை வைத்துப் பார்க்கலாம்.

1987இல் எழுதிய நஞ்சைக் கிரயம் என்று வைத்துக்கொள்வோம். சொத்து விவரம் இப்படி இருக்கிறது: "ச.எ. 214-3அ, நஞ்சை ஏக்கர் 0.62 சென்ட். இதற்குச் செக்குபந்தி: வாய்க்காலுக்குத் தெற்கு, மாரிமுத்து நிலத்துக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, கோவில் நிலத்துக்கு மேற்கு. இந்நான்கு எல்லைக்கும் உட்பட்டது."

நான்கெல்லை

அதிகம் கெடும் இடம் இதுதான். தமிழ்ப் பத்திரம் நம் நிலம் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று சொல்கிறது. வாய்க்காலுக்குத் தெற்கே நம் நிலம் என்றால், வாய்க்கால் நமக்கு வடக்கு எல்லை. அரபுப் பத்திரம் தலைகீழாக எழுதும்: "ஹத் ஷிமாலீ", அதாவது வடக்கு எல்லை, என்று போட்டு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும். ஆங்கிலமாக்குபவர் "தெற்கு: வாய்க்கால்" என்று சுருக்கி எழுதிவிட்டால், அரபியாக்குபவர் அதை நம்பித் தெற்கு எல்லையில் வாய்க்காலை வைப்பார். நான்கு எல்லையும் ஒருசேரத் திரும்பிவிடுவதால் வரிகளுக்குள் முரண்பாடு எதுவும் தெரியாது. படித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

| பத்திரத்தில் | ஆங்கிலம் வழியாக அடிக்கடி வருவது | அரபியில் வர வேண்டியது |
|---|---|---|
| வாய்க்காலுக்குத் தெற்கு | தெற்கு: வாய்க்கால் | வடக்கு எல்லை: வாய்க்கால் |
| மாரிமுத்து நிலத்துக்கு வடக்கு | வடக்கு: மாரிமுத்து நிலம் | தெற்கு எல்லை: மாரிமுத்து நிலம் |
| வண்டிப்பாதைக்குக் கிழக்கு | கிழக்கு: வண்டிப்பாதை | மேற்கு எல்லை: வண்டிப்பாதை |
| கோவில் நிலத்துக்கு மேற்கு | மேற்கு: கோவில் நிலம் | கிழக்கு எல்லை: கோவில் நிலம் |

சில பத்திரங்கள் "வடபுறம் வாய்க்கால்" என்று நேராகவே எழுதும். அங்கே எதையும் திருப்பக் கூடாது. வேற்றுமை உருபைப் பார்த்தால் போதும்: "-க்கு" வந்து பிறகு திசை வந்தால் திருப்ப வேண்டும், திசை முதலில் வந்தால் அப்படியே விட வேண்டும். "கீழ்புறம்", "மேல்புறம்" என்று வந்தால் அவை கிழக்கும் மேற்கும். தாழ்வும் உயரமும் அல்ல. அகராதியைப் பார்த்து வேலை செய்பவர் இங்கே "கீழே", "மேலே" என்ற பொருளில் எழுதிவிடுவார். நேர்வழியில் இந்தச் சிக்கல் அநேகமாக எழுவதில்லை. தமிழ்ப் பத்திரம் படித்துப் பழகியவர் நிலத்தை மனதில் வரைந்துகொண்டுதான் எழுதுவார்.

சர்வே எண்ணும் அளவும்

இதில் இரண்டு வழியும் ஏறக்குறைய சமம். இரண்டிலும் ஒரேவிதமாகத் தவறு நேர்கிறது. அரபு வரி வலமிருந்து இடம் ஓடும். அதற்குள் வரும் எண்ணில் சிறுகோடு இருந்தால் கணினி இரு பக்கத்தையும் இடம் மாற்றிவிடும். தட்டச்சில் சரியாக இருந்தும் திரையிலும் அச்சிலும் இப்படித் தெரியும்:

```
214-3A   →   3A-214
```

சாய்கோடு போட்ட எண் பொதுவாக இப்படித் திரும்பாது. ஆனால் பத்திரத்தில் சிறுகோடு இருந்தால் அதை நாமாக மாற்றக் கூடாது. எண்ணுக்கு முன்னால் U+200E என்ற கண்ணுக்குத் தெரியாத குறியைச் சேர்த்தால் எண் நிலைத்து நிற்கும். விண்டோஸ் வேர்டில் `200E` என்று தட்டி Alt+X அழுத்தினால் அந்தக் குறி விழும். அதற்குப் பிறகும் இறுதி பி.டி.எஃப். கோப்பைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

உட்பிரிவு எழுத்தை அரபு எழுத்தாக மாற்றுவதா, ஆங்கில எழுத்தாகவே வைப்பதா என்பது அடுத்த கேள்வி. மாற்றாதீர்கள். "அ"வுக்கு அலிஃப் போட்டால் அது அரபு இலக்கம் ஒன்றைப் போலவே இருப்பதால் 3அ என்பது வேறோர் எண்ணாகப் படிக்கப்பட்டுவிடலாம். C வந்தால் ஒருவர் ஜீம் போடுவார், இன்னொருவர் தா போடுவார். வருவாய்த் துறைப் பதிவுகளில் உட்பிரிவு A, B என்றே இருக்கிறது; அதையே வைத்தால் பட்டாவோடு ஒப்பிடவும் முடியும். இலக்கங்களையும் 1, 2, 3 என்றே விடுவது நல்லது. அரபு இலக்கத்தில் பூஜ்யம் ஒரு புள்ளி, ஐந்து ஒரு சிறு வட்டம். நம் பூஜ்யத்தை அங்கே ஐந்தாகப் படிப்பது எளிது.

பழைய தாய்ப்பத்திரங்களில் இன்னொரு கண்ணி உண்டு. தமிழ் இலக்கம் எட்டு, "அ" என்ற எழுத்தைப் போலவே இருக்கும். ஒன்று, "க"வைப் போல இருக்கும். "3அ" என்பது உட்பிரிவா, 38ஆ? பத்திரத்தின் மற்ற எண்கள் தமிழ் இலக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து ஒப்பிடுங்கள். 1980களில் நடந்த நில ஆவண மேம்பாட்டுக்குப் பிறகு எண் மாறியிருந்தாலும், மொழிபெயர்ப்பில் பத்திரத்தின் எண்ணே இருக்க வேண்டும். இன்றைய எண் பட்டா நகல் வழியாகத் தனியாகப் போகட்டும்.

ஏக்கருக்கு அரபு அகராதிகள் "ஃபத்தான்" என்று கொடுக்கும். எகிப்திய ஃபத்தான் 4,200 சதுர மீட்டர். ஏக்கர் சுமார் 4,047. நம் 62 சென்ட் சுமார் 2,509 சதுர மீட்டர். ஃபத்தான் என்று எழுதினால் அது 2,604 ஆகி, இல்லாத இரண்டு சென்டுக்கு மேல் சேர்ந்துவிடும். ஏக்கர், சென்ட் இரண்டையும் ஒலிபெயர்த்து, சதுர மீட்டரை மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக அடைப்புக்குள் தரச் சொல்லுங்கள்.

பழைய வாசகங்கள்

இங்கேதான் நேர்வழி தன் பலத்தைக் காட்டுகிறது. "சுத்தக் கிரயம்" ஆங்கிலத்தில் தூய விற்பனை ஆகி, அரபியில் பொருளற்ற சொல்லாய் நிற்கும். ஆனால் அரபுச் சட்ட மரபிலேயே "பைஉ பாத்" என்று அறுதி விற்பனைக்குச் சொல் உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் சொத்தும் திரும்பும் விற்பனைக்கு "பைஉல் வஃபா" என்று வேறு சொல் இருக்கிறது. நம்மிடம் சுத்தக் கிரயமும் அவதிக் கிரயமும் இருப்பது போலத்தான். இதை ஓர் ஆலிம் உடனே பிடித்துக்கொள்வார்.

"மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்பது "ஹக்குல் முரூர்". வாய்க்கால் தண்ணீர் பாயும் முறை "ஹக்குஷ் ஷிர்ப்". கூரைத் தண்ணீர் அடுத்தவர் மனையில் விழும் பாத்தியம் "ஹக்குல் மஸீல்". மூன்றும் உஸ்மானியரின் சிவில் தொகுப்பான மஜல்லாவில் வரையறுக்கப்பட்டவை. ஆங்கிலம் வழியாகப் போனால் மூன்றும் வழக்கமான உரிமைகள் என்ற ஒரே தொடருக்குள் கரைந்துபோகும்.

மிக ஆபத்தானது "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்ச் சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரி. நம் சட்டத்தில் இதன் பொருள், வாரிசுக்கு இறங்கக்கூடிய முழு உரிமை. இதை மக்கள், மக்களின் மக்கள், தலைமுறை தலைமுறையாக என்று சொல்லுக்குச் சொல் அரபியாக்கினால், குடும்ப வக்ஃபு பத்திரத்தின் வாசகம் போலாகிவிடும். வக்ஃபுச் சொத்தை விற்க முடியாது, வாரிசுகளுக்குப் பிரிக்கவும் முடியாது. முழு உடைமை, அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் என்று எழுதுவதே சரி. கூடவே வரும் "தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்பதை ஒருபோதும் விடாதீர்கள். தானம், பரிவர்த்தனை, விற்பனை என எல்லாம் செய்யலாம் என்று சொல்லி வக்ஃபு ஐயத்தை நீக்குவது அந்த வரிதான்.

"நிதி நிட்சேப ஜல பாஷாண" என்று தொடங்கும் எட்டுப் போகங்களுக்கு வேறு அணுகுமுறை வேண்டும். எட்டையும் ஒலிபெயர்ப்பதா, சுருக்குவதா? ஒலிபெயர்ப்பு நீதிபதிக்கு எதையும் சொல்லாது. புதையல், வைப்பு, நீர், கல், இன்றுள்ள பலன்கள், இனி வரும் பலன்கள் முதலானவை என்று விரித்து, நிலத்தோடு சேர்ந்த உரிமைகள் என்ற தலைப்பின் கீழ் தருவதே பயன்.

எதைத் தேர்வது

இரண்டையும் ஒரு வரிசையில் கோத்துக்கொள்வது எங்கள் பரிந்துரை. முதலில் தமிழிலிருந்து நேராக, சொத்து விவரத்துக்கும் பழைய வாசகங்களுக்கும் மட்டும், இரண்டு பக்க அரபு வரைவு எழுதி வாங்குங்கள். பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பில் எல்லைகளை முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள்: "இந்நிலத்தின் வடக்கு எல்லையில் வாய்க்கால் இருக்கிறது." இரண்டையும் சேர்த்து உரிமம் பெற்றவரிடம் கொடுங்கள். அவர் ஆங்கிலத்திலிருந்துதான் முத்திரையிடுவார். அரபு வரைவு அவருக்குக் குறிப்பாக உதவும்.

படத்தைப் பொறுத்தவரை, முத்திரைத்தாளின் பின்பக்கம் பலருக்கும் விட்டுப்போகிறது. சார்பதிவாளர் மேலெழுத்து, ஆவண எண், புத்தகம், தொகுதி, பக்கம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மடிப்பில் எண் மறைந்தால் மொழிபெயர்ப்பாளர் "படிக்க இயலவில்லை" என்றே எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. சொத்து விவரப் பக்கத்தைச் சாய்வான பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்து மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குவதே வழி.

முத்திரை விழுமுன் வரைவைக் கேட்டு வாங்கி, பத்திரத்தைப் பார்க்காத, அரபி தெரிந்த ஒருவரிடம் சொத்து விவரத்தை மட்டும் கொடுங்கள். அதைப் படித்து நிலத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் வாய்க்கால் வடக்கே வந்து, புலப்படத்தோடு ஒத்துப்போனால் முத்திரைக்கு அனுப்பலாம்.