நீதியிலிருந்து தொடங்குவதா, விலங்கிலிருந்து தொடங்குவதா?

குழந்தைகளை நீதிக்கதை எழுதவைக்க இரண்டு வழிகள் உண்டு. நீதியை முதலில் கொடுத்துவிட்டு அதற்குக் கதை கட்டச் சொல்லலாம். அல்லது ஒரு விலங்கையும் அதன் ஆசையையும் கொடுத்து, நீதியைக் கடைசியில் தேடச் சொல்லலாம்.

"பேராசை பெருநஷ்டம்" என்று பலகையில் எழுதிப்போட்டால் வேலை சீக்கிரம் முடியும், கதையும் வழிதவறாது. ஆனால் பெரும்பாலும் நரி கெட்டது, அதனால் கிணற்றில் விழுந்தது என்று முடித்துவிடுவார்கள். தண்டனை இருக்கும், காரணம் இருக்காது.

இரண்டாவது வழியில் ஓர் அணிலை எடுத்துக்கொள்வோம். கொய்யா மரம் முழுவதும் தனக்கே வேண்டும் என்பது அதன் ஆசை. அதற்காக என்ன செய்யும்? பாம்பு இருக்கிறது என்று பொய் சொல்லி மைனாக்களை விரட்டும். சரி, அப்புறம்? வல்லூறு வரும்போது கத்தி எச்சரிக்க மைனா இல்லை. அணிலுக்கு வந்த ஆபத்து அதன் செயலிலிருந்தே வருகிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

இதில் சிக்கலும் உண்டு. நடுவில் சிங்கம், யானை என்று கூட்டம் சேரும். மூன்று பாத்திரங்களுக்கு மேல் விடாதீர்கள். அடுத்து, பழக்கத்தில் "பொய் சொல்லக் கூடாது" என்று நீதி எழுதிவிடுவார்கள். அந்த வரியை மறைத்து, கதையை இன்னொரு குழந்தையிடம் வாசிக்கக் கொடுங்கள். "மைனா இருந்திருந்தா அணில் தப்பிச்சிருக்கும்" என்று அது சொன்னால், கதையைத் தொடாமல் நீதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

முழுக்கதையே எழுதிப் பழகாத குழந்தைக்கு மட்டும் முதல் வழியைக் கொடுப்பேன், "நரி எதைச் செய்ததால் விழுந்தது?" என்ற கேள்வியோடு.