பையர் மெயிலைத் தமிழில் நாலு வரியாக்குவது: சில வருட அனுபவம்

பக்கத்து யூனிட் மெர்ச்சண்டைசர் நண்பர் ஒருவர், "பையர் மெயிலை எல்லாம் தமிழில் சுருக்கி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறீர்களாமே, எனக்குச் சரிவருமா?" என்று கேட்டார். பையர் என்றால் எங்களிடம் ஆடை ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்காரர். திருப்பூரில் சில வருடமாக எனக்கு இப்படித்தான் ஓடுகிறது.

வேலை நடக்கிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். இருபது மெயிலை முழுக்கப் படிக்க நேரமில்லாத புரொடக்‌ஷன் மேனேஜர், நாலு வரியைப் பார்த்ததும் ஃப்ளோரில் நின்றபடியே முடிவெடுத்துவிடுவார்.

என் எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: சிவப்பு எழுத்து. நாம் வரிசையாகக் கேள்வி அனுப்புவோம். பையர் மேலே "பதில்களைச் சிவப்பில் கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, நம் பழைய மெயிலுக்குள்ளேயே ஆங்காங்கே பதிலைச் செருகிவிடுவார். போனில் அந்தப் பகுதி மூன்று புள்ளிக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். யாராவது அதை வெறும் எழுத்தாக காப்பி பண்ணி அனுப்பினால் நிறமும் போய்விடும். அப்புறம் எது நம் கேள்வி, எது அவர் பதில் என்று தெரியாது.

ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டரைச் சொல்கிறேன். மேலே பார்த்தால் "பிபி சாம்பிள் அப்ரூவ்டு", அதாவது தயாரிப்புக்கு முந்தைய மாதிரி ஓகே என்று சுபமாக இருக்கிறது. கீழே மூன்றாவது கேள்விக்கு அடியில் சின்னதாக, "கட்டிங் மட்டும் போடுங்கள், லேபிள் அப்ரூவல் வரும்வரை தைக்க வேண்டாம்." மேல் வரியை நம்பியிருந்தால் தையல் லைனில் ஏற்றியிருப்போம். நான் அனுப்பியது இதுதான்:

பிபி சாம்பிள் ஓகே. கட்டிங் போடலாம், தைக்கக் கூடாது.
மெயின் லேபிள் அப்ரூவல் பையரிடம் நிற்கிறது.
பிளாக்கெட் நீளம் 15 இல்லை, 14 செ.மீ.
ஷிப்மென்ட் ஜூன் 5, மாற்றமில்லை.

மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/06 என்பது அமெரிக்கப் பையருக்கு மே 6, லண்டன்காரருக்கு ஜூன் 5.

கடைசி மெயிலில் எல்லாம் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். ஒரே மெயிலுக்குப் பையரின் டெக்னீஷியன் தனியாக, பையிங் ஆபீஸ் தனியாகப் பதில் போட்டால் கிளை பிரிந்துவிடும். ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. அதனால் நான் பழைய மெயிலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். யார் அனுப்பியது என்பதையும் கவனிப்பேன். அளவு பற்றி டெக்னீஷியன் சொல்வதுதான் எங்கள் பையரிடம் செல்லுபடியாகும், பையிங் ஆபீஸ் சொல்வது செல்லுபடியாகாது.

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற முறையைச் சிபாரிசு செய்வேனா? மாட்டேன். மேனேஜர் இப்போது மெயில் பெட்டியையே திறப்பதில்லை. "நீங்கள் போட்டதில் இல்லையே" என்று அவர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. நண்பரே, உங்கள் மேனேஜர் மெயிலைத் தானே படிக்கிறவர் என்றால், தயவுசெய்து அவரைக் கெடுத்துவிடாதீர்கள்.