இணைப்பியம்: கற்றல் கோட்பாடா, காலத்தின் சித்திரிப்பா?

அறிவு ஒருவர் தலைக்குள் மட்டுமில்லை, மனிதர்களும் தரவுகளும் சேர்ந்த வலையமைப்பிலும் இருக்கிறது. அந்த இணைப்புகளை உண்டாக்குவதே கற்றல் என்கிறது கல்வி ஆய்வாளர் ஜார்ஜ் சீமென்ஸ் முன்வைத்த இணைப்பியம். இதைக் கோட்பாடாக ஏற்றால் ஒரு கேள்விக்கு அது விடை சொல்ல வேண்டும்: ஒரே வலையில் இருக்கும் இருவரில் ஒருவர் கற்க, மற்றவர் ஏன் தொலைந்துபோகிறார்?

2008-இல் சீமென்ஸும் இணைப்பியத்தை அவரோடு வளர்த்த ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய திறந்த இணையப் பாடத்தில் சுமார் 2,200 பேர் சேர்ந்தார்கள். பாடம் வலைப்பதிவுகளிலும் விவாதங்களிலும் சிதறிக் கிடந்தது. வழி தேடத் தெரிந்தவர்கள் செழித்தார்கள், மற்றவர்கள் திணறினார்கள். அந்த வேறுபாட்டை விளக்க முன்னறிவு, நினைவுச்சுமை பற்றிய பழைய கோட்பாடுகளிடமே போக வேண்டியிருக்கிறது.

சித்திரிப்பாக எடுத்துக்கொண்டால் குறை குறைகிறது: இன்று அறிவு எங்கே கிடக்கிறது என்பதை அது துல்லியமாகக் காட்டுகிறது. நான் இந்தப் பக்கமே சாய்கிறேன்.