குரல் வேலைக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்: 9,440 ரூபாய் போனது எனக்கு

தக்கலை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நேற்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்று அண்ணன் மகன் சொன்னான். அதற்குள் இன்னும் நாலு பேர் பணத்தைக் கட்டிவிடுவார்கள், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

என் பணம் 9,440 ரூபாய் போய்விட்டது. அதோடு பத்தொன்பது இரவுகள் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்த 5 மணி 40 நிமிட ஒலிப்பதிவும் அவர்கள் கையில் இருக்கிறது.

'தெளிவான தமிழ்க் குரல் உள்ளவர்கள் தேவை. ஒலிநூல், விளம்பரம். வீட்டிலிருந்தே வேலை' என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதைப் போட்டது வீட்டிலிருந்து செய்யும் வேலைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஒரு இணையதளம். எங்கள் கோயிலில் பத்து வருடமாக ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்கிறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர். ஜூன் மழை தொடங்கினால் வெட்டு நின்றுவிடும், வருமானமும் நின்றுவிடும். அந்த இரண்டு மாதத்துக்கு இது கை கொடுக்கும் என்று நினைத்தேன்.

ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு தம்பி பேசினார். மாதிரிக்கு ஒரு பக்கக் கதையும், 40 வினாடி ஜவுளிக்கடை விளம்பரம் ஒன்றும் வாசித்து அனுப்பச் சொன்னார். அனுப்பிய அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். "அக்கா, உங்க ழகரம் எவ்வளவு சுத்தமா இருக்கு! இப்படி வாசிக்க இங்க ஆளே கிடைக்கல" என்றார்.

நான் விழுந்தது அந்த இடத்தில்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் வெளியூரில் வாயைத் திறந்தால் 'நீங்க மலையாளியா?' என்று கேட்பார்கள். படிக்கப் போன இடத்திலும், வேலை தேடிப் போன இடத்திலும் அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். என் தமிழ் சுத்தம் என்று வெளியாள் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது. அதற்கு அப்புறம் அவர் சொன்ன எதையும் நான் கேள்வி கேட்கவில்லை.

முடிந்த ஒரு மணி நேரத்துக்கு 1,200 ரூபாய் என்றார். 'முடிந்த மணி நேரம்' என்றால் நாம் உட்கார்ந்து உழைக்கும் நேரம் இல்லை. தப்பையெல்லாம் வெட்டிச் சரிசெய்த பிறகு கேட்பவர் காதுக்குப் போகும் ஒரு மணி நேரம். எனக்கு அந்த ஒரு மணி நேரத்தை உண்டாக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. அவர்கள் தந்த பிடிஎஃப்பில் 17 அத்தியாயம், ஏறக்குறைய 34,000 சொற்கள். நிமிடத்துக்கு நூறு சொல் என்று நிதானமாக வாசித்தால் 5 மணி 40 நிமிடம். கூலி 6,800 ரூபாய்.

அதற்கு முன்னால் 'திரும்பக் கிடைக்கும் முன்பணம்' 5,900 கட்ட வேண்டும் என்றார். 5,000 முன்பணம், 18 சதவீத ஜிஎஸ்டி 900. பாதியில் விட்டுப் போகிறவர்கள் அதிகம், அதற்காகத்தானாம். கடைசிக் கோப்பைக் கொடுத்ததும் கூலியோடு சேர்த்து 12,700 வரும் என்றார். வீட்டுக்காரர் அப்போதே கேட்டார், "வேலை தாறவிய எதுக்கு நம்மகிட்ட ரூவா கேக்கினும்?" என்று. "உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

இரவு பத்து மணிக்கு மேல்தான் பதிவு. மின்விசிறியை நிறுத்தி, பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்துவைத்து, சேலைகளுக்கு நேரே முகத்தை வைத்து வாசிப்பேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். மைக் அண்ணன் மகன் வாங்கித் தந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. மழை விட்டால் தவளைகள். ஒரு நாள் தூறல் சத்தம் விழுந்ததால் ஒரு அத்தியாயம் முழுவதையும் திரும்ப வாசித்தேன். வீட்டுக்காரர் காலை நான்கு மணிக்கு எழுந்தே பழகியவர். வெட்டு இல்லாத நாளிலும் அந்த நேரத்தில் விழித்துக்கொள்வார். சில நாள் அவர் எழும்பும்போதுதான் நான் படுப்பேன்.

பதினேழாவது கோப்பை அனுப்பிய மறுநாள் 'தரச் சோதனை அறிக்கை' வந்தது. எல்லாக் கோப்பும் தள்ளுபடி. பின்னணி இரைச்சல் -48.20 டெசிபெல், -60க்குக் கீழே இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கூப்பிட்டேன். அதுவரை 'அக்கா' என்றவர் 'மேடம்' என்றார். "மேடம், ஸ்டுடியோவுல சுத்தம் பண்ணிடலாம். சீரமைப்புக் கட்டணம் 3,000, ஜிஎஸ்டி 540. கட்டினா இரண்டு நாள்ல 12,700 வந்துடும்." இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று 3,540ஐயும் அனுப்பினேன். ஆக மொத்தம் 9,440.

இரண்டு நாள் கழித்துக் கேட்டால் "டீம் பார்த்துட்டு இருக்காங்க". அப்புறம் "கணக்குப் பிரிவுல ஆள் லீவு". அப்புறம் "மாசக் கடைசியில மொத்தமா போடுவோம்". அப்புறம் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். கடைசியாக வேறு ஒரு குரல் எடுத்தது: "மேடம், உங்க உச்சரிப்புல மலையாள வாடை இருக்குன்னு வாடிக்கையாளர் சொல்றாங்க." எந்தச் சொல்லால் என்னைப் பிடித்தார்களோ, அதையே திருப்பி முகத்தில் எறிந்தார்கள். என் 9,440 ரூபாயைக் கேட்டதற்கு இதுதான் பதில். அன்றைக்கே என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் மகன் அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தான். "மாமி, பதினேழு கோப்புக்கும் -48.20 எப்படி ஒரே மாதிரி வரும்?" என்றான். வேறு வேறு இரவு, ஒரு நாள் தவளை, ஒரு நாள் தூரத்தில் லாரி. இரண்டு தசம இடம் வரைக்கும் ஒரே எண் வரவே வராது. இன்னும் கீழே பார்த்தால் பதினெட்டாம் அத்தியாயத்துக்கும் -48.20 என்று போட்டிருந்தது. அந்தப் புத்தகத்தில் பதினெட்டாம் அத்தியாயமே கிடையாது! ஒருவரும் என் பதிவைக் கேட்கவில்லை. முன்பே தட்டி வைத்த தாள் அது.

இலவச ஆடாசிட்டி மென்பொருளிலேயே அளந்து காட்டினான். வாசிப்பு எதுவும் இல்லாத, மூச்சுச் சத்தம்கூட இல்லாத நாலைந்து வினாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, மேலே Analyze பட்டியலில் Measure RMS என்பதை அழுத்தினால் இரைச்சல் அளவு வந்துவிடுகிறது. என் கோப்புகள் -63க்கும் -66க்கும் இடையில், அவர்கள் கேட்ட -60க்குக் கீழேதான் இருந்தன. தூறல் விழுந்ததால் நானே ஒதுக்கிவைத்த அந்தப் பழைய பதிவு மட்டும் -57. அதாவது என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அதே போல வாசிப்புப் பகுதியை அளந்தால் சராசரி -23க்கும் -18க்கும் நடுவில் வர வேண்டும், உச்சம் -3ஐத் தாண்டக் கூடாது. ஒலிநூலுக்குப் பெரும்பாலும் கேட்கும் அளவு இவ்வளவுதான். இந்த ஐந்து நிமிட வேலையை 3,540 அனுப்புவதற்கு முன்னால் செய்திருந்தால் அந்தப் பணமாவது மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று, அந்தப் பிடிஎஃப்பில் புத்தகத்தின் பெயரும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. கேட்டதற்கு 'ரகசிய ஒப்பந்தம்' என்றார்கள். ஒலிநூலில் தொடக்கத்திலேயே நூலின் பெயர், எழுதியவர், வாசிப்பவர் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். அந்தப் பெயரே இல்லாமல் ஒலிநூல் எப்படி வெளிவரும்? எழுதியவரிடமோ பதிப்பாளரிடமோ உரிமை வாங்கியவர்கள் அதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

ஜிஎஸ்டியும் பொய்தான். நாகர்கோவிலில் கணக்கு எழுதும் ஒருவரிடம் ரசீதைக் காட்டினேன். திருப்பித் தரும் முன்பணத்துக்கு ஜிஎஸ்டி போட மாட்டார்கள், கட்டணமாகக் கழித்துக்கொண்டால்தான் வரி என்றார். ரசீதில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பணம் போனதும் ஏதோ ஒரு தனி ஆளின் யுபிஐக்கு.

மாதிரி என்று வாங்கிய அந்த 40 வினாடி விளம்பரம் என்ன ஆனது தெரியுமா? போன வாரம் நாத்தனார் அனுப்பினாள், "இது உன் சத்தம்தானே?" என்று. பின்னால் நாதஸ்வரம் சேர்த்து, உண்மையான ஒரு கடையின் தள்ளுபடி விளம்பரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விளம்பரக் குரலுக்கு வாசித்த நேரத்தை வைத்துக் கூலி பேசுவதில்லையாம். எங்கே, எத்தனை மாதம் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் பேசுவார்களாம். எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. கடைக்காரர் யாருக்கோ காசு கொடுத்துத்தான் வாங்கியிருப்பார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டேன். பணம் போனவுடன் கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் இருக்கும்போதே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். நான் கூப்பிட்டது இரண்டாவது பணம் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதிந்து, எண் வாங்கி வைத்திருக்கிறேன். யுபிஐ பரிவர்த்தனை எண்கள், அந்த அறிக்கை, பேச்சுப் பதிவு எல்லாம் கொடுத்திருக்கிறேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் செய்யுங்கள். வாசிப்பவரிடம் பணம் கேட்டால் அந்த நிமிடமே விட்டுவிடுங்கள். மாதிரி ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள், விளம்பர மாதிரியில் கடைப் பெயரை மாற்றி வாசியுங்கள், நடுவில் ஒரு பீப் சத்தம் போட்டு அனுப்புங்கள். முதல் அத்தியாயத்துக்குக் கூலி கையில் வந்த பிறகுதான் இரண்டாவதைத் தொடங்குங்கள். போனில் பேசியதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே 1930.

இன்று காலை அதே விளம்பரம் வேறொரு எண்ணோடு எங்கள் ஊர்க் குழுவிலேயே வந்திருக்கிறது. முன்பணம் இப்போது 6,490. பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி கீழே 'ஆர்வமாக இருக்கிறேன்' என்று போட்டிருந்தாள். அவள் வீட்டுக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதி முடிக்கிறேன்.