அதே வாட்ஸ்அப் படம், அதே "சரிங்கண்ணா", ஆள் மட்டும் வேறு

கணக்கு, ஜிஎஸ்டி வேலைகளை வெளியே ஓர் அலுவலகத்தில் கொடுத்திருக்கும் சிறுதொழில்காரர்கள் இதைப் படித்துவிட்டு, உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய கைப்பேசி எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். நான் பார்க்காமல் விட்டதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

கோவையில் பம்ப் உதிரிபாகங்களைக் கடைந்து தரும் சிறிய பட்டறை என்னுடையது. சரக்கில் பெரும்பகுதி பெங்களூருவில் உள்ள ஒரே வாடிக்கையாளருக்குப் போகிறது. ஆண்டு விற்பனை ஒன்றேகால் கோடிதான். காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்தால் போதும் என்றாலும், வரி வரவு மாதாமாதம் வேண்டும் என்று அவர் கேட்டதால் மாதத் தாக்கலையே வைத்துக்கொண்டேன். ஜிஎஸ்டி வந்த 2017 முதல் ஒரு வரி ஆலோசனை அலுவலகம் இதைப் பார்த்து வந்தது. சரியாகச் சொன்னால், அந்த அலுவலகத்தில் இருந்த ஒரு பெண் பார்த்து வந்தார். மாதத்தின் முதல் வாரம் பில்களைப் படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். "சரிங்கண்ணா" என்று பதில் வரும். 11ஆம் தேதிக்குள் விற்பனைப் பட்டியலும் 20ஆம் தேதிக்குள் வரியும் முடிந்திருக்கும்.

மே மாதம் ஏப்ரல் பில்களை அனுப்பினேன். பதில் வந்தது. ஜூன் முதல் வாரம் மே பில்களை அனுப்பினேன். அதற்கும் வந்தது. நடுவில் ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும்: மே மூன்றாம் வாரம் பெங்களூருக்காரர், ஏப்ரல் பில் எதுவும் தன்னுடைய வரி வரவைக் காட்டும் 2பி அறிக்கையில் வரவில்லை என்று சொல்லி, 6,50,000 ரூபாய் சரக்குக்கான வரி 1,17,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை மட்டும் அனுப்பினார். வாட்ஸ்அப்பில் கேட்டேன். "பார்க்கிறோம் அண்ணா" என்றது. அந்தப் பெண் எப்போதும் "பார்க்கிறேன்" என்றுதான் எழுதுவார். கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஜூன் 26 அன்று மாலை லாரி ஏற்றி நிற்கிறது. இ-வே பில் போட முடியவில்லை. என் ஜிஎஸ்டி எண் முடக்கப்பட்டிருக்கிறது என்று திரை சொல்கிறது. தொடர்ந்து இரண்டு மாதங்களுக்கு, வரி கட்டும் படிவமான 3பி-யைத் தாக்கல் செய்யாவிட்டால் சரக்கு அனுப்புபவருக்கு இ-வே பில் அடைபடும் என்பது விதி. அது எனக்குத் தெரியும், எனக்கு நேராது என்று நினைத்திருந்தேன்.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். அந்தப் பெண்ணின் மேசையில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் ஏப்ரல் கடைசியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அலுவலகம் கொடுத்திருந்த கைப்பேசி மட்டும், அவருடைய முகப்புப் படத்தோடு, மேசையிலேயே இருந்திருக்கிறது. இரண்டு மாதமாக எனக்கு "சரிங்கண்ணா" என்று எழுதியது இந்தத் தம்பி. அவரிடம் கொடுக்கப்பட்ட பட்டியலில் என் பெயருக்கு நேரே "காலாண்டு" என்று இருந்தது. ஆகவே பில்களை எல்லாம் ஜூலையில் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக ஒரு கோப்புறையில் சேர்த்து வைத்திருந்தார். அவர்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை.

உடனே தாக்கல் செய்யலாம் என்றால், கடைசிக் கட்டத்தில் வரும் ஓடிபி யாருக்குப் போகிறது தெரியுமா? 2017இல் பதிவு செய்தபோது அந்தப் பெண் அவசரத்துக்குத் தன் சொந்த எண்ணையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்திருக்கிறார். துறை அனுப்பிய நினைவூட்டல்கள், தாக்கல் செய்யாதவருக்கு வரும் 3ஏ நோட்டீஸ் எல்லாம் அங்கேயே போயிருக்கின்றன. வேலையை விட்டவர் அந்த மின்னஞ்சலை எதற்குத் திறக்கப்போகிறார்?

அவருடைய எண்ணைத் தேடிப்பிடித்து இரவு எட்டு மணிக்கு அழைத்தேன். நல்ல மனம். புது வேலையில் இருந்துகொண்டே ஓடிபி சொன்னார். அதோடு ஒன்றையும் சொன்னார்: "போகும்போது எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன் அண்ணா. வேண்டாம், நாங்களே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறோம் என்றார்கள்."

உரிமையாளரிடம் கேட்டேன். மழுப்பிவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆள் போனது தெரிந்தால் வாடிக்கையாளர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்ற பயமாம். எனக்குத் தெரிந்திருந்தால் போயிருப்பேனா? மாட்டேன். புதியவரிடம் ஒருமுறை உட்கார்ந்து, "நான் மாதத் தாக்கல்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும்.

செலவைச் சொல்கிறேன். ஏப்ரல் 3பி 37 நாள் தாமதம், நாளுக்கு 50 ரூபாய் வீதம் 1,850. மே மாதத்துக்கு ஆறு நாள், 300. ரொக்கமாகக் கட்டவேண்டிய வரிக்கு 18 சதவீத வட்டி, இரண்டு மாதத்துக்கும் சேர்த்து சுமார் 1,700. லாரி ஒரு நாள் காத்திருந்ததற்கான கூலி தனி. இவ்வளவுதான். ஆனால் ஜூன் 26 அன்று தளத்தில் ஏற்றிய ஏப்ரல் பில்கள் பெங்களூருக்காரரின் ஜூன் மாத 2பி-யில்தான் சேர்ந்தன. அது ஜூலை 14 அன்றுதான் உருவாகும். அதுவரை என் 1,17,000 ரூபாய் அவரிடமே இருந்தது. நான் வங்கியின் ஓவர்டிராஃப்டில் இரும்பு வாங்கினேன்.

நீங்கள் செய்யக்கூடியது எளிது. gst.gov.in தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, `Show Filing Table` என்பதை அழுத்தினால் எந்தெந்த மாதம் தாக்கல் ஆனது என்று தெரியும். கடவுச்சொல் தேவையில்லை. நான் இப்போது ஒவ்வொரு மாதமும் 12, 21 தேதிகளில் பார்க்கிறேன். பதிவில் வேறொருவர் எண் இருந்தால், அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே திருத்தப் படிவத்தில் மாற்றுங்கள். அதிகாரியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நான் அன்றிரவே மாற்றினேன். அவர் கிடைக்காமல் போயிருந்தால், ஆவணங்களைத் தூக்கிக்கொண்டு சரக வரி அதிகாரியிடம்தான் போயிருக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லத் தயங்கும் அலுவலகங்களுக்கும் ஒன்று. சென்ற மார்ச்சில் என் பட்டறையில் சரக்கு அனுப்புவதைப் பதினொரு ஆண்டுகளாகப் பார்த்த பெரியவர் ஓய்வு பெற்றார். இரண்டு வாரம் முன்னதாகவே பெங்களூருவுக்கு நான் எழுதியது இது:

"எங்கள் டிஸ்பாட்ச் பொறுப்பாளர் 31ஆம் தேதியுடன் ஓய்வு பெறுகிறார். 17ஆம் தேதி முதல் அவரோடு சேர்ந்து வேலை செய்துவரும் இன்னொருவர் 1ஆம் தேதி முதல் பொறுப்பேற்கிறார். அவரது எண் கீழே. உங்களுடைய இரண்டு ஆர்டர்கள் நிலுவையில் உள்ளன: ஒன்று 28ஆம் தேதி பழையவர் கையாலேயே கிளம்பும், மற்றது 5ஆம் தேதி புதியவர் அனுப்புவார். பெட்டிக்கு 40 உருப்படி, பில் நகல் இரண்டு என்ற உங்கள் வழக்கம் அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. விலை, வங்கிக் கணக்கு எதுவும் மாறவில்லை. மாறியதாக யாராவது சொன்னால் என்னை அழையுங்கள். வியாழன் அன்று மூவரும் சேர்ந்து உங்களிடம் தொலைபேசியில் பேசுகிறோம்."

வியாழன் அன்று பேசினோம். பெங்களூருக்காரர் ஒன்றே ஒன்றைத் திருத்தினார்: பில் நகல் இரண்டு அல்ல, போன வருடத்திலிருந்து மூன்று. பெரியவர் அதை யாரிடமும் சொல்லாமல் தன் தலையிலேயே வைத்திருந்தார்.