பட்டாவில் கொள்ளுத் தாத்தா பெயரா? இறந்த தேதியில் கை வைக்கும் புரோக்கரிடம் ஜாக்கிரதை

தாலுகா அலுவலகத்தைச் சுற்றி "வாரிசு, பட்டா எல்லாம் முடித்துத் தருகிறேன்" என்று அலையும் ஓர் ஆளிடம் எங்கள் குடும்பம் 85,000 ரூபாய் கொடுத்தது. பட்டா வந்தது. பிறகு ரத்தானது. பணம் போனதைவிடப் பெரிய தொல்லை, அவர் எங்கள் பெயரில் தாக்கல் செய்துவிட்டுப் போன காகிதங்கள். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதே வேலையை எல்லா ஊரிலும் செய்கிறார்கள்.

நிலம் 2 ஏக்கர் 70 சென்ட், அதாவது 270 சென்ட். கொள்ளுத் தாத்தா 1938-இல் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கியது. அவர் 1958-இல் இறந்தார், உயில் எதுவும் இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மூத்த மகன்தான் என் தாத்தா. இறந்ததை யாரும் வருவாய்த் துறையில் சொல்லவில்லை. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். திட்டம் வந்தபோதும் பழைய பெயரே அப்படியே ஏறிவிட்டது. பிறகு கணினிக்கும் அதே பெயர்தான் போனது. இறந்து பல காலம் ஆனவர் பெயரில் இன்றும் சிட்டா எடுக்கலாம்.

இந்த விவரம் முழுவதையும் சித்தப்பா அந்த ஆளிடம் சொன்னார். வம்சாவளியை என் கையால் எழுதிக் கொடுத்தேன், இரண்டு மகள்கள் உட்பட. அவர் அதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "விண்ணப்பத்துக்கு வேணும்" என்று சித்தப்பாவிடம் சில முத்திரைத்தாள்களில் கையெழுத்து வாங்கிப் போனார்.

கொஞ்ச காலத்தில் மூன்று காகிதம் வந்தன. கொள்ளுத் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மாறுதலான பட்டா. பட்டாவில் சித்தப்பா பெயர், என் பெயர், சின்னத் தாத்தா மகன்களின் பெயர்கள். என் அம்மா, தங்கை, அத்தை பெயர் இல்லை. கேட்டதற்கு, "பொம்பளைங்களை அப்புறம் சேத்துக்கலாம் சார், முதல்ல ஆம்பளை பேர்ல மாறட்டும்" என்றார்.

விஷயம் வெளிப்பட்டது கோட்டாட்சியர் அலுவலக நோட்டீஸில். கொள்ளுத் தாத்தாவின் இளைய மகளுடைய மகன், எனக்கு மாமா முறை, பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி மேல்முறையீடு செய்திருந்தார். கூடவே ஓர் அடமானப் பத்திரத்தின் சான்றிட்ட நகல். 1957-இல் பதிவானது. சார்பதிவாளர் முன் நேரில் வந்து எழுதிக் கொடுத்ததாகப் பின்பக்கக் குறிப்பு, கீழே கொள்ளுத் தாத்தாவின் இடது பெருவிரல் ரேகை. எங்கள் கையில் இருந்த இறப்புச் சான்றிலோ அவர் 1955-இலேயே இறந்துவிட்டார்.

ஏன் 1955? இதுதான் அந்த ஆளின் கைவரிசை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஓர் இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு (தாய் உயிரோடு இருந்தால் தாய்க்கும்). அதற்கு முன் இறந்தவர் என்றால் பழைய சட்டம். மகன் இருக்கையில் மகளுக்குப் பங்கு கிடையாது. ஆக, இறந்த ஆண்டை மூன்று வருடம் பின்னால் தள்ளினால் ஒரு தலைமுறைப் பெண்கள் அத்தனை பேரும் கணக்கிலிருந்து காணாமல் போகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டிய ஆட்கள் குறைகிறார்கள். ஆளைத் தேடுகிற வேலையும் அவருக்கு மிச்சம்.

பழைய இறப்புகள் பெரும்பாலும் பதிவாகியே இருக்காது. தாமதப் பதிவுக்கு உறுதிமொழிப் பத்திரமும் சாட்சிகளும் வைத்து ஆணை வாங்க வேண்டும். அந்த உறுதிமொழியில் "1955" என்று எழுதி, சித்தப்பா கையெழுத்துப் போட்டிருந்த தாளில் அச்சடித்துவிட்டார். பொய் சொன்னவர் புரோக்கர், ஆனால் சட்டத்தின் கண்ணில் சொன்னவர் சித்தப்பா. எழுபது வயதில் அவர் கோட்டாட்சியர் முன் நின்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

இதில் கூத்து என்னவென்றால், அந்தப் பொய்கூட ஒழுங்காக இல்லை. 1955-இல் இறந்தார் என்றே வைத்துக்கொள்வோம். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவைக்கு ஒரு மகனுக்குச் சமமான பங்கு உண்டு, வாழ்நாள் அளவுக்கு. மெட்ராஸ் மாகாணத்தில் விவசாய நிலத்துக்கும் அது பிறகு நீட்டிக்கப்பட்டது. 1956 சட்டத்தின் 14-ஆவது பிரிவு, பெண் வசம் இருந்த அப்படிப்பட்ட வாழ்நாள் உரிமையை முழு உரிமையாக்கியது. கொள்ளுப் பாட்டி 1966 வரை இருந்தார். அவர் பங்கு அவருடைய மகள்களுக்கும்தானே போகும்? அந்த ஆளுக்கு இதெல்லாம் தெரியாது. "ஐம்பத்தாறுக்கு முன்னாடின்னா பொண்ணுக்கு இல்ல" என்ற ஒரு வரி மட்டும் தெரியும்.

சரி, உண்மையான கணக்கு என்ன? பிறகு ஒரு சிவில் வக்கீலிடம் உட்கார்ந்து போட்டது இது. விதி ஒன்றுதான். இறந்தவர்களை இறந்த வரிசையில் வைத்து, ஒவ்வொரு இறப்புக்கும் தனித்தனியாகப் பங்கு பிரிக்க வேண்டும். இன்று உயிரோடு இருப்பவர்களை எண்ணி நிலத்தை வகுத்தால் தப்பாகிவிடும்.

1958-இல் கொள்ளுத் தாத்தா: மனைவி, நான்கு பிள்ளைகள், ஐந்து பங்கு. ஆளுக்கு 54 சென்ட். 1966-இல் கொள்ளுப் பாட்டி: அவருடைய 54 சென்ட் நான்கு பிள்ளைகளுக்கு. ஆளுக்கு 67½ ஆனது. 1971-இல் மூத்த மகள் இறந்தார். கணவர் முன்பே காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. இந்த இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கணவர் வீட்டாரைத் தேடிப்போய்க் கையெழுத்துக்குப் பேரம் பேசுகிறார்கள். தேவையே இல்லை. பிள்ளையில்லாத பெண்ணுக்குத் தாய் தந்தை வழியில் வந்த சொத்து, 15-ஆவது பிரிவின்படி அவளுடைய தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். ஆகவே அந்த 67½ சென்ட் மற்ற மூவருக்கும் வந்து, ஆளுக்கு 90 ஆனது.

1983-இல் என் தாத்தா: பாட்டி, அப்பா, சித்தப்பா, அத்தை. பாட்டியும் பின்னால் காலமானதால் அந்த 90 சென்ட் மூன்று பிள்ளைகளுக்குத் தலா 30. அப்பா இறந்த பிறகு அவருடைய 30 அம்மாவுக்கும் எனக்கும் தங்கைக்கும் தலா 10. என் பங்கு 10 சென்ட், மொத்தத்தில் 27-இல் ஒரு பாகம். புரோக்கரின் காகிதத்தில் தாத்தா கிளைக்கு 135 சென்ட், அத்தையையும் விட்டுவிட்டதால் எனக்கு மட்டும் 67½. ஆசை காட்டும் வேலைதான். பாதிக் குடும்பங்கள் ஏன் வாயை மூடிக்கொள்கின்றன என்பது இதில் புரியும்.

அத்தையை விட்டதற்கு அவர் சொன்ன காரணம் வேறு: "அவங்க 89-க்கு முன்னாடி கட்டிக் கொடுத்தவங்க, பங்கு இல்ல." இது ஊரெல்லாம் நடமாடும் அரைகுறைச் சட்டம். 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்காளியாக்கியது. அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்பது அந்தத் திருத்தத்துக்கு மட்டுமே உரியது. தாத்தா வாரிசாகப் பெற்ற பங்கு அவருடைய தனிச் சொத்து. அவர் இறந்தபோது அத்தை மகள் என்ற முறையிலேயே வாரிசு. கல்யாணம் எந்த வருடம் நடந்தால் என்ன? (இதெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கணக்கே வேறு.)

இந்த மாதிரி ஆளை எப்படி இனம் காண்பது? எங்கள் ஆள் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிட்டார். யார் எந்த வருடம் இறந்தார் என்று அவர் கேட்கவே இல்லை. நான்கு தலைமுறை வாரிசு வேலையில் முதல் கேள்வி அதுதான், இரண்டாவது கேள்வி சொத்து எப்படி வந்தது என்பது. சுயமாக வாங்கியதா, பூர்வீகமா என்பதைப் பொறுத்தே கணக்கு மாறும். அப்புறம், ஒரே ஒரு வாரிசுச் சான்றை வைத்துக் கொள்ளுத் தாத்தாவிலிருந்து நேராகப் பேரன் மகனுக்குத் தாவ முடியாது. எங்கள் கிளையின் பங்குக்கு மட்டுமே கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி, மூத்த மகள், தாத்தா, பாட்டி, அப்பா என்று ஆறு இறப்பு. ஆறுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். பிள்ளையில்லாத மூத்த மகளைப் போல நேரடி வாரிசு இல்லாதவர்களுக்குத் தாசில்தார் சான்று கிடைக்காமல், சிவில் நீதிமன்றம் போக வேண்டியும் வரலாம். "ஒரே சான்று போதும்" என்று ஒருவர் சொன்னால் நடுவில் யாரையோ முழுங்கப் போகிறார் என்று பொருள்.

இறந்த ஆண்டு தெரியாவிட்டால், அந்த ஆளிடம் விடாமல் நீங்களே பத்திரங்களில் தேடுங்கள். tnreginet.gov.in தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். அதில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். மாமா அந்த அடமானப் பத்திரத்தை அப்படித்தான் எடுத்திருக்கிறார். ஒருவர் கடைசியாக எழுதிக் கொடுத்த பத்திரத்தின் தேதிக்கு முன்னால் அவர் இறந்திருக்க முடியாது. மகன்கள் "காலஞ்சென்ற இன்னார் குமாரர்" என்று முதன்முதலாக எழுதிய பத்திரத்துக்குப் பின்னாலும் இறந்திருக்க முடியாது. ஆனால் பட்டாவையோ யூ.டி.ஆர். பதிவையோ காட்டி "அப்போது உயிரோடு இருந்தார்" என்று சொல்லாதீர்கள். அங்கே பெயர் இருப்பது ஆள் இருந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

மேல்முறையீட்டில் பட்டா ரத்தாகி மறுபடி கொள்ளுத் தாத்தா பெயருக்கே போய்விட்டது. இறப்புச் சான்றை ரத்து செய்து சரியான தேதியில் பதிய மனு போட்டிருக்கிறோம். அது முடியாமல் அடுத்த வாரிசுச் சான்று எதுவும் நகராது. பணத்தைக் கேட்டால், "பட்டா வாங்கித் தரேன்னேன், வாங்கித் தந்தேன்" என்கிறார். ரசீது இல்லை, ஜிபேயில் அனுப்பிய 30,000 ரூபாய்க்கு மட்டும் அத்தாட்சி இருக்கிறது. 1938 கிரயத்தின் அசலை அவர் திருப்பித் தராமல் இழுத்தடித்ததால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம், அதற்குப் பிறகே அது கைக்கு வந்தது. சித்தப்பா கையெழுத்திட்ட முத்திரைத்தாள்களில் இன்னும் இரண்டு அவரிடம் இருக்கின்றன. அந்த எண்களைப் புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மாமா வீட்டாரோடு இப்போது பேச்சு நடக்கிறது. எல்லாச் சான்றும் வந்ததும் முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா, அதன் பிறகு எல்லோரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் என்று பேசி வைத்திருக்கிறோம். சின்னத் தாத்தா மகன்கள்தான் 135 சென்ட் என்று இருந்த காகிதத்தை விட மனமில்லாமல் இன்னும் பிடி கொடுக்கவில்லை. அவர்கள் ஒத்துவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்குத்தான்.