டைம்ஷீட்டிலிருந்து இன்வாய்ஸ் டிராஃப்ட்: பவர் குவரியோடு இரண்டு வருடம்

கோயம்புத்தூரில் ஈஆர்பி வேலை செய்யும் ஒரு சின்ன கன்சல்டிங் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். மாதக் கடைசியில் ஆறு கன்சல்டன்ட்களும் ஆளுக்கொரு எக்செல் டைம்ஷீட் அனுப்புவார்கள். அதிலிருந்து கிளையண்ட் வாரியாக மணிநேரம், ரேட், வேலை விவரம் மூன்றையும் எடுத்து இன்வாய்ஸ் டிராஃப்ட் போட வேண்டும். முன்பு காப்பி பேஸ்ட் செய்தே இரண்டு நாள் போகும். இப்போது ஃபைல்களை ஒரே ஃபோல்டரில் போட்டு, எக்செல்லுக்குள்ளேயே இருக்கும் பவர் குவரியில், Data > Get Data > From File > From Folder வழியாக இழுத்து, ரேட் கார்டோடு சேர்த்துவிடுகிறேன். அரை நாளில் முடிகிறது, ஆனால் அந்த அரை நாளும் சரிபார்க்கத்தான்.

முதல் தலைவலி மணிநேரத்தை எழுதும் விதம். ஏழரை மணிநேரத்தை ஒருவர் 7.5 என்று போடுவார், இன்னொருவர் 7:30 என்று, மூன்றாமவர் 7.30 என்று. 7:30 என்பதை எக்செல் ஒரு நாளின் பங்காக, அதாவது 0.3125 ஆக வைத்துக்கொள்ளும். 2,400 ரூபாய் ரேட்டால் பெருக்கினால் 18,000 வர வேண்டிய இடத்தில் 750 வரும். 24-ஆல் பெருக்கினால் சரியாகிவிடும். தொகை அபத்தமாக இருப்பதால் கண்ணில் பட்டுவிடும், பயமில்லை.

பயப்பட வேண்டியது 7.30-க்குத்தான். எக்செல்லுக்கு அது 7 மணி 18 நிமிடம். பன்னிரண்டு நிமிடம், 480 ரூபாய், சத்தமே இல்லாமல் போய்விடும். நாங்கள் கால் மணிநேரக் கணக்கில்தான் பில் போடுகிறோம் என்பதால் புள்ளிக்குப் பின்னால் 25, 5, 75 மட்டுமே வரலாம். 15, 30, 45 வந்தால் அவர் நிமிடத்தை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வரிகளை மட்டும் தனியாக வடிகட்டி, ஆளையே கூப்பிட்டுக் கேட்டுவிடுகிறேன். நானாக மாற்றுவதில்லை, ஒருமுறை மாற்றி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இரண்டாவது, ரேட் கார்டு. போன அக்டோபரில் எங்கள் கன்சல்டன்ட் ஒருவருக்கு 16-ஆம் தேதியிலிருந்து ரேட் 2,400-லிருந்து 2,800 ஆனது. ரேட் கார்டில் அவர் பெயரில் இன்னொரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். டைம்ஷீட்களின் மொத்தம் 412.5 மணிநேரம், டிராஃப்டிலோ 449. வித்தியாசம் 36.5. அது அச்சு அசலாக அவர் அந்த மாதம் வேலை பார்த்த நேரம்! Merge Queries செய்தபோது அவருடைய ஒவ்வொரு வரியும் பழைய ரேட், புது ரேட் இரண்டோடும் ஒட்டி இரட்டித்திருந்தது. முதல் பாதியில் 20 மணிநேரம், அடுத்த பாதியில் 16.5 என்று 94,200 ரூபாய் வர வேண்டியது, 1,89,800 என்று நின்றது.

இப்போது ரேட் கார்டில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று இரண்டு நெடுவரிசை வைத்திருக்கிறேன். Merge முடிந்து ரேட் நெடுவரிசைகளை விரித்ததும் இந்த ஒரு வரி:

```
= Table.SelectRows(Expanded, each [Date] >= [FromDate] and [Date] <= [ToDate])
```

நடப்பு ரேட்டுக்கு முடிவுத் தேதியைக் காலியாக விடாமல் 31-12-2099 என்று போட்டுவிடுங்கள், காலியாக விட்டால் இந்த ஒப்பீடு சரியாக ஓடாது. இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு: ஒரு தேதிக்கு ரேட்டே இல்லையென்றால் அந்த வரி சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். அதனால் Merge-க்கு முன்னால் மொத்த மணிநேரம், பின்னால் மொத்த மணிநேரம் என்று இரண்டு செல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கூடினால் ரேட் இரட்டித்திருக்கிறது, குறைந்தால் ரேட் விடுபட்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் டிராஃப்டை யாருக்கும் அனுப்புவதில்லை. ஜிஎஸ்டி இன்வாய்ஸாக வெளியே போன பிறகு தொகை கூடுதல் என்று தெரிந்தால் கிரெடிட் நோட் போட வேண்டும், அந்த அலைச்சல் எதற்கு?

வேலை விவரத்தில் மட்டும் இயந்திரத்தை நான் நம்புவதில்லை. Group By செய்து ஒரே வேலையின் குறிப்புகளை ஒரு வரியாகக் கோர்க்க முடிகிறது, சரி. ஆனால் கன்சல்டன்ட்கள் அந்த நெடுவரிசையில் மனதில் இருப்பதையெல்லாம் எழுதுகிறார்கள். 'ரிப்போர்ட் மறுபடியும் மாத்தினோம், அவங்களுக்கே என்ன வேணும்னு தெரியல' என்ற வரி டிராஃப்டில் அப்படியே உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, பார்த்துவிட்டேன். அதிலிருந்து டைம்ஷீட்டில் 'உள்குறிப்பு' என்று தனி நெடுவரிசை கொடுத்து, குவரியில் அதை முதல் படியிலேயே நீக்கிவிடுகிறேன். ஆனாலும் விவர நெடுவரிசையை முதல் வரியிலிருந்து கடைசி வரை டீயோடு உட்கார்ந்து நானே படிக்கிறேன். போன மாதம்கூட இரண்டு வரி சிக்கியது.